தோழி 'நல்ல செய்தி' சொன்ன இரவு

நித்யா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 32. இரண்டு வருடமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறார். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ சிகிச்சை செய்து இன்றோடு ஒன்பதாவது நாள். கரு தங்க உதவும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. மார்பு கனக்கிறது, அது மாத்திரையாலா, வேறு காரணத்தாலா என்று ஒரு நாளைக்குப் பத்து முறை யோசிக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு, ஆறு பேர் இருக்கும் கல்லூரித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் ரேவதி ஒரு ஸ்கேன் படம் போடுகிறார். "12 வாரம் முடிஞ்சுது. இதுக்காகத்தான் இவ்வளவு நாள் வாயைக் கட்டி வச்சிருந்தேன்!"

நித்யா ஏதோ தட்டச்சு செய்கிறார், அழிக்கிறார். மறுபடி தட்டச்சு, மறுபடி அழிப்பு. கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறார்.

இந்த இடத்தில் பலரும் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர் 'பொறாமைக்காரி'. அது சரியா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: ரேவதிக்கு இது நடந்திருக்கவே கூடாது என்று தோன்றுகிறதா, எனக்கும் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறதா? அநேகமாக எல்லோருக்கும் இரண்டாவதுதான். அது துக்கம். மாதா மாதம் யாருக்கும் தெரியாமல் அடக்கி வைத்த துக்கம், அடுத்தவர் செய்தியில் வழி கண்டு வெளியே வருகிறது. ரேவதிக்காகச் சந்தோஷப்படுவதும் தனக்காக அழுவதும் ஒரே இரவில் நடக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பயமும் வரும். "இப்படி மனசு கெட்டுப்போய் அழுதால் இந்த முறை தங்காமல் போய்விடுமோ?" ஐவிஎஃப் போன்ற சிகிச்சை எடுத்த பெண்களிடம் செய்த 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2011இல் வெளியானது. சிகிச்சைக்கு முன் இருந்த மன உளைச்சலுக்கும் அந்தச் சுற்றில் கரு தங்கியதா இல்லையா என்பதற்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. ஒரு ராத்திரி அழுகை எதையும் கெடுத்துவிடாது. அழலாம்.

அன்று இரவு செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு: டெஸ்ட் கிட்டை எடுப்பது. தோழியின் செய்தி வந்ததும் 'எனக்கும் இருக்குமோ' என்று கை தானாக அலமாரிக்குப் போகும். ஒன்பதாவது நாளில் வரும் பதில் இரண்டு பக்கமும் ஏமாற்றும். ஐயுஐக்கு முன் முட்டை வெடிக்கப் போட்ட ஊசி எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனாக இருந்தால், கிட் தேடுவதும் அதே எச்சிஜியைத்தான். ஊசி மருந்து, அளவைப் பொறுத்து, பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட உடம்பில் தங்கும். அதனால் இல்லாத கர்ப்பத்துக்கு இரண்டு கோடு விழலாம். உண்மையிலேயே கரு ஒட்டியிருந்தாலும், இவ்வளவு சீக்கிரம் அதன் எச்சிஜி கிட்டுக்கு எட்டாமல் ஒரே கோடும் விழலாம். மருத்துவமனை சொன்ன தேதி வரை கிட் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு.

இனி பதில். அன்றே அனுப்ப வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் மறுநாளைத் தாண்ட விடாதீர்கள். நான்கு நாள் மௌனத்துக்குத் தோழி தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார். அது பெரும்பாலும் உண்மையைவிட மோசமாக இருக்கும்.

நித்யா அழித்த முதல் வரைவு இது: "அய்யோ ரேவ்ஸ்!!! எனக்குத் தலைகால் புரியல! எல்லா ஸ்கேனுக்கும் நான் கூட வரேன், கொண்டாட்டம் எல்லாம் என் பொறுப்பு!" குற்றவுணர்ச்சி எழுதிய செய்தி இது. சிக்கல் ஆச்சரியக்குறியில் இல்லை, வாக்குறுதியில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதை நிறைவேற்ற முடியாமல் விழா அன்று காய்ச்சல் என்று சொல்ல வேண்டி வரும். இரண்டாவது வரைவு: "வாழ்த்துகள்." ரேவதிக்கு நித்யாவைப் பத்து வருடமாகத் தெரியும், ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று குழுவிலேயே கேட்டுவிடுவார்.

காலையில் அனுப்பியது: "ரேவ்ஸ், ரொம்ப சந்தோஷம்டி. உடம்பு எப்படி இருக்கு, வாந்தி இருக்கா? இந்த வாரம் கொஞ்சம் ஓட்டமா இருக்கேன், அப்புறம் நானே கூப்பிடறேன்." வாழ்த்து, அவரைப் பற்றி ஒரு கேள்வி, தனக்குக் கொஞ்சம் அவகாசம். பொய் இல்லை, வாக்குறுதியும் இல்லை. கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். "எத்தனை மாசம் முயற்சி பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "முதல் மாசமே" என்ற பதில் நாள்கணக்கில் காதில் ஒலிக்கும்.

அனுப்பியதும் குழுவை மியூட் செய்யலாம். வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தெரிவு இருக்கும். ஒரு வாரம் போதும். குழுவை விட்டு வெளியேறினால் யாராவது கவனித்துச் சந்தேகப்படுவார்கள். மியூட் செய்தது யாருக்கும் தெரியாது.

நேரில் சொன்னால் இந்த வசதி எதுவும் கிடைக்காது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டு உடம்பைப் பற்றிய அதே கேள்வியைக் கேளுங்கள். பேச்சு அவர் பக்கம் போய்விடும். பத்து நிமிடம் கழித்துக் கிளம்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். "நீ எப்போ?" என்று திரும்பக் கேட்டால், சிரித்து மழுப்புவதைவிட "அதைப் பத்தி இப்ப வேணாம்டி" என்பதே நல்லது. மழுப்பினால் அடுத்த சந்திப்பிலும் அதே கேள்வி வரும்.

உண்மையைச் சொல்வதா வேண்டாமா? எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அடிக்கடி பேசும் நெருங்கிய தோழி என்றால், ஒன்பது மாதமும் சாக்கு சொல்லியே ஓட்டுவது நடக்காது. எந்தச் சாக்கை யாரிடம் சொன்னோம் என்பதே ஒரு பாரமாகிவிடும். சொல்வதாக இருந்தால் முதலில் கணவரோடு பேசி முடிவெடுங்கள், அது அவருடைய அந்தரங்கமும்தான். சிகிச்சையின் முடிவு தெரிந்து இரண்டு மூன்று நாள் போகட்டும். அந்த வாரத்திலேயே சொன்னால் "என்ன ஆச்சு?" என்ற விசாரிப்பும் சேர்ந்து வரும்.

தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்தே கிடந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

நித்யாவுக்கு அந்த முறை மாதவிடாய் வந்துவிட்டது. மூன்று நாள் கழித்து ரேவதிக்குத் தனியாக எழுதினார்: "எங்களுக்கு ரெண்டு வருஷமா ட்ரீட்மென்ட் போகுதுடி. யாருக்கும் தெரியாது, உன்னோட இருக்கட்டும். உன் விஷயத்தை என்கிட்ட மறைக்காதே. ஆனா ஸ்கேன் படம் மட்டும் குழுவில போடறதுக்கு முன்னாடி எனக்குத் தனியா ஒரு வரி சொல்லிடு." உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் அடுத்த பெரிய ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்த வரி ஒரு திங்கள்கிழமை காலை வந்தது. படம் குழுவில் வந்தது அன்று மாலைதான்.