பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ‘ஆம்’ என்றால்

கொழும்பில் சந்தை ஆய்வு வேலை செய்கிறேன். வருடத்தில் இரண்டு மூன்று தடவை மாணவர்களின் வணிகத் திட்டங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். கணக்குப் பக்கங்களை அவர்கள் கவனமாகவே செய்திருப்பார்கள். அந்தக் கணக்கு எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் ஒற்றை எண், அதாவது ‘எத்தனை பேர் வாங்குவார்கள்’ என்பது, பெரும்பாலும் ஒரே மாலையில் வாட்ஸ்அப்பில் சேர்த்ததாக இருக்கும். அப்படி வந்த ஒரு திட்டத்தை இங்கே சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

மூன்று மாணவர்கள். வெள்ளவத்தையில் போடிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரவில் இடியப்பம், சொதி, சம்பல் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது திட்டம். காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட சில ஒழுங்கைகளில் மட்டும் தொடங்குவதாக இருந்தார்கள். அங்கே சுமார் 280 பேர் தங்கியிருக்கிறார்கள் என்று கணக்கிட்டு, 83 வீதம் பேர் வாங்குவார்கள், ஆகவே ஓர் இரவுக்கு 230 பார்சல் என்று எழுதியிருந்தார்கள்.

“தம்பி, இந்த 83 எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டேன்.

“12 பேரிட்ட கேட்டம் சேர். 10 பேர் ஓம் எண்டு சொன்னவை.”

அந்தக் கேள்வியைப் பார்த்தேன். ‘கடைகளின் எண்ணெய்ச் சாப்பாட்டால் உடம்பு கெடும் இந்தக் காலத்தில், வீட்டுச் சுவையான மலிவு இடியப்பம் உங்கள் அறைக்கே வந்தால் வாங்குவீர்களா?’ கீழே மூன்று பதில்கள்: நிச்சயமாக, ஆம், இல்லை. இதற்கு ‘இல்லை’ என்பவர் உடம்பைக் கெடுத்துக்கொள்ள விரும்புகிறவர் ஆகிவிடுகிறார். ‘மலிவு’ என்றால் எத்தனை ரூபா என்று சொல்லவில்லை. ஒருவர் மனதில் 250, இன்னொருவர் மனதில் 500. சுவை, விலை, கொண்டுவந்து கொடுப்பது என்று மூன்று விஷயங்களுக்கு ஒரே பதில். ‘ஆம்’ பக்கத்துக்கு இரண்டு கட்டம், ‘இல்லை’ பக்கத்துக்கு ஒன்று. பதில் சொன்னவர்களோ கூடப் படிக்கும் நண்பர்கள். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு பேர் ‘இல்லை’ என்றார்களே, எனக்கு அந்த இரண்டு பதில்தான் பெறுமதியாகப் பட்டது.

கேள்வியிலிருந்து இடியப்பத்தை முதலில் எடுத்துவிடச் சொன்னேன். ‘வாங்குவீர்களா’ என்பது நாளையைப் பற்றிய கேள்வி. நாளை செய்யப்போவதைப் பற்றி எல்லோரும் தாராளமாகச் சொல்வார்கள். போன கிழமை செய்ததைக் கேட்டால் தங்கள் ஞாபகத்தைத்தான் சொல்ல வேண்டும். ஆகவே புதிய படிவம் இப்படித் தொடங்கியது: ‘கடந்த 7 நாட்களில் எத்தனை இரவுகள் வெளியில் சாப்பிட்டீர்கள்?’ அடுத்தது, ‘கடைசியாக வாங்கிய இரவுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?’ அதன் பிறகு, எங்கே வாங்கினார்கள், எத்தனை மணிக்கு. பொருளின் பெயரும் விலையும் கடைசியில் மட்டும். முன்னாலேயே சொல்லிவிட்டால், இவர்கள் என்ன விற்க வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்து, மற்றப் பதில்களும் அந்தப் பக்கம் சாயத் தொடங்கும்.

ஊருக்குள் போவதற்கு முன் ஐந்து பேரிடம் படிவத்தைக் கொடுத்து, வாசிக்கும்போது மனதில் ஓடுவதைச் சொல்லச் சொன்னோம். சொற்கள் விளங்குகின்றனவா என்று பார்க்க ஐந்து பேர் போதும். சந்தையை அளக்கத்தான் போதாது. ‘வெளியில் சாப்பிட்டீர்கள்’ என்பதை ஒருவர் உணவகத்தில் இருந்து சாப்பிட்டது என்று மட்டும் எடுத்தார். பார்சலை அவர் எண்ணவில்லை. இன்னொருவர் போடிங் அன்ரிக்குக் காசு கொடுத்துச் சாப்பிடுவதையும் சேர்த்துவிட்டார். ‘கடையில் காசு கொடுத்து வாங்கிய இரவுச் சாப்பாடு, பார்சலும் அங்கே இருந்து சாப்பிட்டதும் சேரும், வீட்டுக்காரர் தருவது சேராது’ என்று மாற்றினோம். வாக்கியம் நீண்டுவிட்டது, ஆனால் எல்லோரும் ஒன்றையே எண்ணினார்கள்.

அடுத்தது ஆட்கள். 12 பேரை எழுந்தமானமாகவே தெரிவுசெய்திருந்தாலும், அதில் 10 பேர் ‘ஆம்’ என்றால் உண்மையான அளவு 55 வீதத்திலிருந்து 95 வீதம் வரை எங்கும் இருக்கலாம். 150 பார்சலா, 260 பார்சலா என்றே தெரியாது. எண்ணிக்கையைக் கூட்டினால் இந்த இடைவெளி சுருங்கும். 100 பேருக்கு ஏறக்குறைய 10 வீதம் அங்கும் இங்கும் என்று வரும். உடனே ஒருவர், “அப்ப ஃபோமை இன்னும் பத்து குரூப்பில போடுவமே” என்றார். தவறான இடத்தில் தேடினால் எண்ணிக்கை கை கொடுக்காது. 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு ‘லிட்டரரி டைஜஸ்ட்’ சஞ்சிகை 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைச் சேர்த்து, லாண்டன் வெல்வார் என்றது. வென்றது ரூஸ்வெல்ட். சஞ்சிகை பிடித்த முகவரிகளும், சிரமம் எடுத்துப் பதில் அனுப்பியவர்களும் நாட்டின் பொதுவான வாக்காளர்களைப் போல இருக்கவில்லை.

அதனால் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து போடிங் வீடுகளை எண்ணச் சொன்னேன். 46 வீடுகள். இரண்டுக்கு ஒன்றாக 23 வீடுகளைத் தெரிவுசெய்து, வீட்டுக்கு நான்கு பேர்வரை, ஆட்கள் அறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து இரவு ஏழு மணிக்குப் பிறகு கேட்டார்கள். இல்லாதவர்களை மூன்று தடவை வரை தேடிப் போனார்கள். 92 பேரில் 83 பேர் கிடைத்தார்கள். கிடைக்காத ஒன்பது பேரில் பலர் பிந்தி வருகிறவர்கள் என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் வெளியில் அதிகம் வாங்குகிறவர்களாக இருக்கக்கூடும் என்பதையும் திட்டத்தில் எழுதச் சொன்னேன்.

83 பேரில் 29 பேர், அதாவது 35 வீதம், கடந்த கிழமையில் நான்கு இரவோ அதற்கு மேலோ கடையில் வாங்கியிருந்தார்கள். சாதாரணக் கணக்கில் பிழை இடைவெளி 10 வீதம். ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்தே போய் வாங்குவார்கள். ஒருவர் பதிலைக் கேட்டால் மற்றவர் பதில் பாதி தெரிந்துவிடும். ஆகவே இந்த 83 பேரும் 83 தனித்தனி ஆட்களுக்குச் சமம் இல்லை. இடைவெளியை 13 வீதம் என்று வைத்தோம். நேரம் இருந்திருந்தால் எல்லா வீடுகளுக்கும் போய், வீட்டுக்கு இரண்டு பேரைக் கேட்டிருக்கலாம். ஏறக்குறைய அதே எண்ணிக்கைக்கு இன்னும் நல்ல பதில் கிடைத்திருக்கும்.

கடைசிக் கேள்வியில் பொருளையும் விலையையும் சொல்லி, வரும் செவ்வாய், வியாழன் இரவுகளுக்கு இப்போதே காசு கட்டிப் பதிய விருப்பமா என்று கேட்டார்கள். எட்டுப் பேர் காசு கொடுத்தார்கள். 280 பேருக்குப் பெருக்கினால் 27 பார்சல். எட்டு என்பது சின்ன எண் என்பதால் 14 ஆகவும் இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். சமையலுக்கு ஆள் வைத்தால் நட்டமில்லாமல் ஓட இரவுக்கு 40 தேவை. அந்த ஆளை அவர்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, ஒரு மாணவியின் அம்மா 15 பார்சல் செய்வதாகத் தொடங்கும் கணக்கை எழுதினார்கள்.

இப்போது பம்பலப்பிட்டிப் பக்கத்து வீடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே சிங்கள மாணவர்களும் தங்கியிருப்பதால் படிவத்தைச் சிங்களத்தில் எழுதி, தமிழ்ப் படிவத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு திரும்பத் தமிழாக்கிப் பார்த்தார்கள். ‘வீட்டுக்காரர் தருவது சேராது’ என்ற துண்டு அதில் விடுபட்டிருந்தது.