ஆர்சிசிபி கட்டாயம் என்கிறது விதி. அது நிற்குமா விழுமா என்பது ரூஃப் கான்கிரீட்டுக்கு முன்பே முடிவாகிவிடும்

புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டுப் போகும்போது, மின்கசிவுத் தடுப்புக் கருவியான ஆர்சிசிபி மாட்டியிருக்கிறீர்களா என்ற கேள்வி வரும். கடையில் வாங்கி, வீட்டு சர்க்யூட்டுகள் எல்லாம் பிரிந்து போகும் டிபி பாக்ஸில் மாட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன். குடிபோன இரண்டாம் நாள் ராத்திரி படுக்கையறை லைட்டைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்து பாதி வீடு இருட்டாகிவிட்டது. மறுபடி தூக்கிவிட்டால் நிற்கும், அதே லைட்டைப் போட்டால் விழும். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "இது ரொம்ப சென்சிட்டிவ் சார், டைரக்டா போட்டுடறேன்" என்று ஆர்சிசிபியைத் தாண்டி வயரை இணைத்துவிட்டுப் போனார். ஆர்சிசிபி சரியாகத்தான் வேலை செய்தது, தப்பு சுவருக்குள் இருந்தது என்று புரிய எனக்கு நாலு மாதம் ஆனது.

முதலில் விதி. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி (இதற்கு முன் இருந்த 2010 விதிமுறைகளிலும் இது உண்டு) வீட்டு இணைப்பில் மின்கசிவுத் தடுப்புக் கருவி இருக்க வேண்டும், அது 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிய விடக் கூடாது. மிகச் சிறிய லோடு கொண்ட இணைப்புகளுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் ஏசியும் கீசரும் வைத்துக் கட்டும் வீடு எதுவும் அந்த விலக்குக்குள் வராது. வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பதும் அதே விதிமுறைகளில் இருப்பதுதான்.

ஆர்சிசிபி செய்வது ஒரே ஒரு வேலை. ஃபேஸில் எவ்வளவு கரண்ட் போகிறதோ அவ்வளவும் தன் நியூட்ரல் வழியாகவே திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கீசர் காயில் கெட்டு எர்த்துக்குக் கசிந்தாலோ, யாராவது ஃபேஸைத் தொட்டு உடம்பு வழியாகத் தரைக்குப் போனாலோ, போனதுக்கும் வந்ததுக்கும் வித்தியாசம் வரும், உடனே விழும். ஒரு கையில் ஃபேஸும் இன்னொரு கையில் நியூட்ரலுமாகப் பிடித்தால் அதற்கு வித்தியாசம் தெரியாது, காப்பாற்றாது. ஓவர்லோடும் அதற்குத் தெரியாது, அதற்குத்தான் எம்சிபி.

இங்கேதான் சிக்கல். கரண்ட் கசியவே இல்லை, ஆனால் வேறு ஆர்சிசிபியின் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது என்றாலும் அதன் கணக்கில் வித்தியாசம்தான். 9 வாட் எல்ஈடி பல்பை எடுத்துக்கொள்ளுங்கள், 240 வோல்ட்டில் அது சுமார் 37 மில்லி ஆம்பியர் இழுக்கும். 30-ஐத் தாண்டிவிட்டதா, விழுந்துவிடும். என் வீட்டில் நடந்தது இதுவேதான். படுக்கையறைக்கு ஃபேஸ் ஒரு ஆர்சிசிபியில் இருந்து வந்தது, நியூட்ரலை மட்டும் பக்கத்து ஹால் ஜங்ஷன் பாக்ஸில் இருந்து எடுத்துவிட்டார்கள், அது இன்னொரு ஆர்சிசிபியுடையது. ஏன் அப்படி எடுத்தார்கள் என்று கேட்டால், அந்த முக்கால் இன்ச் பைப்பில் இன்னொரு வயர் போகவில்லை. பைப் ரூஃபுக்குள் கான்கிரீட்டோடு இறுகிப்போன பிறகு எலக்ட்ரீஷியனால் மட்டும் என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கே ஒரே ஆர்சிசிபி போட்டால் இந்தக் குழப்பம் வராதே என்று சிலர் சொல்வார்கள். வராதுதான். ஆனால் மழை நாளில் மோட்டார் கேபிளில் ஈரம் இறங்கினால் மொத்த வீடும் இருட்டு, எங்கே கசிகிறது என்று தேடவும் வெளிச்சம் இருக்காது. அதோடு கம்ப்யூட்டர், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாமே நல்ல நிலையிலும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். எல்லாம் ஒரே கருவியில் சேர்ந்தால் காரணமே இல்லாமல் விழுவதுபோலத் தோன்றும், அப்புறம் அதை டைரக்ட் பண்ணுவதில்தான் போய் முடியும்.

சரி, தாளில் எப்படிப் போடுவது? பிளானை நாலு ஜெராக்ஸ் எடுத்து, கட்டில், பீரோ, டிவி, கதவு திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் பென்சிலில் வரைந்துவிட்டு, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பக்கத்தில் அது எந்த சர்க்யூட் என்று எண் எழுதுங்கள். பாயின்ட் எங்கே என்பதைப் பலரும் குறிக்கிறார்கள், அந்த எண்ணை எழுதுவதுதான் இல்லை.

ஒரு சர்க்யூட்டில் எத்தனை பாயின்ட் என்பதற்கு மத்தியப் பொதுப்பணித் துறையின் அளவுகோல் கைக்கு அடக்கமானது. அது அரசுக் கட்டடங்களுக்காக எழுதியது, நம் வீட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் நான் அதையே பிடித்துக்கொண்டேன். லைட், ஃபேன், 6 ஆம்பியர் சாக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு சர்க்யூட்டில் 10 பாயின்ட் அல்லது 800 வாட், எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்த வேண்டும். ஃபேனுக்கு 60, டியூப்லைட்டுக்கு 40, பல்பு பாயின்ட்டுக்கு 60, 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 100 வாட் என்று கணக்கு. பவர் சர்க்யூட் என்றால் வீட்டில் ஒன்றுக்கு இரண்டு 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மேல் கூடாது.

தங்கை இப்போது கட்டுகிற இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு இப்படித்தான் உட்கார்ந்து போட்டோம். ஹாலில் ஃபேன் 2, டியூப்லைட் 2, சாக்கெட் 3, போர்டிகோ பல்பு 1. எட்டு பாயின்ட், 120, 80, 300, 60 சேர்த்தால் 560 வாட். இது ஒரு சர்க்யூட், மிச்ச இடத்தை அப்படியே விட்டுவிட்டோம், பிற்பாடு வாசலில் ஒரு பாயின்ட் வேண்டும் என்று கட்டாயம் வரும். பெட்ரூம் ஒவ்வொன்றும் அதன் பாத்ரூம் லைட்டோடு ஒரு சர்க்யூட். சமையலறை, சாப்பாட்டு இடம், பூஜை, மாடிப்படி லைட்டுகள் ஒன்று. ஆக லைட்டுக்கு நான்கு. பவரில் சமையலறைக்கு இரண்டு, வாஷிங் மெஷினுக்கு ஒன்று, கீசர் இரண்டு, ஏசி இரண்டு, மோட்டார் ஒன்று. மொத்தம் 12.

இந்தப் பன்னிரண்டையும் நான்கு ஆர்சிசிபியாகப் பிரித்தோம். லைட் நான்கும் ஒன்றில், சமையலறையும் வாஷிங் மெஷினும் ஒன்றில், கீசரும் ஏசியும் ஒன்றில், மோட்டார் தனியாக. செலவு கூடத்தான் ஆகும், அதில் பேரம் பேசவில்லை. ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் கீழே அதன் நியூட்ரல் வயர்களைச் சேர்த்து முடுக்கத் தனி நியூட்ரல் லிங்க். பன்னிரண்டு சர்க்யூட் என்றால் பன்னிரண்டு நியூட்ரல் வயர் டிபி வரை வர வேண்டும், அதில் ஒன்று குறைந்தாலும் எங்கோ கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி பைப். ஒரு சர்க்யூட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயர். வளைவோடு போகும் 20 மில்லிமீட்டர் பைப்பில், அதாவது முக்கால் இன்ச்சில், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் 4 தான் போகலாம் என்கிறது அதே துறையின் அட்டவணை. 25 மில்லிமீட்டர் என்றால் 8. அதாவது இரண்டு லைட் சர்க்யூட்டை முக்கால் இன்ச் பைப்பில் அனுப்ப நினைத்தால் ஆறு வயர், இடம் போதாது, எலக்ட்ரீஷியன் இரண்டு ஃபேஸுக்கு ஒரு நியூட்ரல் என்று சுருக்கிவிடுவார். டிபியில் இருந்து கிளம்பும் பைப் எல்லாவற்றையும் ஒரு இன்ச்சாக எழுதிவிடுங்கள், அறைக்குள் பிரிந்த பிறகு முக்கால் போதும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுக்கும் ஏசி, கீசர் லைனுக்கு வளைவுள்ள முக்கால் இன்ச்சில் 2 வயருக்குத்தான் கணக்கு, எர்த்தோடு மூன்று என்பதால் அதுவும் ஒரு இன்ச்தான். லைட்டும் பவரும் ஒரே பைப்பில் வேண்டாம்.

இன்வர்ட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நியூட்ரல் கலப்பு அதிகம் நடப்பது அங்கேதான். இன்வர்ட்டர் வைக்கிற இடத்துக்கு டிபியில் இருந்து மூன்று வயர் போகும். திரும்பும்போது ஃபேஸை மட்டும் கொண்டுவந்து லைட் சர்க்யூட்டில் கொடுத்துவிட்டு, நியூட்ரலைப் பொது லிங்க்கில் விட்டுவிடுவது வழக்கம். அப்படியல்லாமல் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே திரும்பி வந்து, லைட் குழுவின் ஆர்சிசிபிக்குள் நுழைய வேண்டும். ஆக அந்தப் பைப்பில் ஐந்து வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் ஒரு இன்ச் பைப்பில் ஆறு வரை போகலாம். இன்வர்ட்டர் பிறகுதான் வாங்கப் போகிறீர்கள் என்றாலும் பைப்பை இப்போதே போட்டுவிடுங்கள்.

ரூஃபுக்குக் கம்பி கட்டி முடித்து, பைப் போட்ட அன்று, கான்கிரீட்டுக்கு முன்னால் தாளோடு மேலே ஏறுங்கள். டிபி இறங்கும் இடத்தில் எத்தனை பைப் வாய் தெரிகிறது என்று எண்ணிப் பார்த்தாலே போதும். தங்கை வீட்டில் தாளில் ஒன்பது, மேலே ஏழு இருந்தது. ஒன்று மோட்டார் லைன், அது தரை வழியாகப் போகும் என்றார்கள், சரி. இன்னொன்று இன்வர்ட்டர் பைப், மறந்தே போயிருந்தது. அப்போது அரை மணி நேர வேலை. ஒவ்வொரு பைப்புக்கும் அளவு டேப் பக்கத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம்.

வயர் இழுத்து முடித்த பிறகு சோதிக்கவும் வழி உண்டு. மெயினையும் எல்லா எம்சிபியையும் அணைத்துவிட்டு, சாக்கெட்டில் எதையும் சொருகாமல், நியூட்ரல் வயர்களை லிங்க்கில் இருந்து கழற்றி, மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்து ஒன்றுக்கொன்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இரண்டு நியூட்ரலுக்கும் பீப் வரக் கூடாது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வரவே கூடாது. வந்தால் எந்த இரண்டு எண் என்று பார்த்தாலே எந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறக்க வேண்டும் என்று தாள் சொல்லிவிடும். வயரின் இன்சுலேஷன் சரியா என்று இணைப்புக்கு முன் பார்க்கும் மெக்கர் சோதனையை இதோடு சேர்த்துச் செய்யலாம், 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் வைத்து வயருக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும் என்பது விதி. பல்பும் ஃபேன் ரெகுலேட்டரும் மாட்டும் முன்பே செய்துவிடுங்கள், மெக்கர் வோல்ட்டில் அவை போய்விடும்.

என் வீட்டில் கடைசியில் ஹாலையும் படுக்கையறையையும் ஒரே ஆர்சிசிபியில் சேர்த்துத்தான் அந்த டைரக்ட் இணைப்பை எடுக்க முடிந்தது.