யொபிஸுதே: மொட்டைப் பெயர்

யொபு என்றால் ஜப்பானிய மொழியில் கூப்பிடுவது, ஸுதெரு என்றால் எறிந்துவிடுவது. இரண்டும் சேர்ந்தது யொபிஸுதே. எறியப்படுவது பெயரல்ல, பெயருக்குப் பின்னால் வரவேண்டிய மரியாதை ஒட்டு. மிகுந்த மரியாதை காட்டும் ஒட்டு ஸாமா. அது தேய்ந்து அன்றாட ஸான் ஆனது, ஸான் மழலையில் ச்சான் ஆனது. குன் என்பது 'கோமகன்' என்ற பொருளுள்ள சீன எழுத்திலிருந்து வந்தது. இன்று பெரும்பாலும் இளைய ஆண்களுக்குச் சொல்வது.

தமிழில் இதை 'ஒருமையில் அழைத்தல்' என்று எழுதினால் பிசகு. நம் ஒருமை 'நீ, வா, போ' என்பதில் இருக்கிறது. யொபிஸுதே பெயரில் மட்டும் நடக்கிறது, அதே வாக்கியத்தின் வினை முழுப் பணிவோடு இருக்கலாம். 'மொட்டையாகப் பேர் சொல்வது' என்று வீட்டில் சொல்கிறோமே, அதுதான் சரியான இணை.

பெயருக்கு இவ்வளவு கனம் வரக் காரணம், அங்கே 'நீங்கள்' என்ற சொல் அரிது. அனாதா என்று ஒன்று உண்டு. ஆனால் மேலதிகாரியைப் பார்த்து அப்படிச் சொல்வது முறையல்ல. எதிரே இருப்பவரிடமே அவர் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், இல்லையென்றால் எழுவாயையே விட்டுவிடுவார்கள். நாமும் எழுவாயை விடுகிறோம், ஆனால் 'வந்தேன்' என்ற விகுதி ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். 'வரவில்லை' என்பதை நினைத்துப் பாருங்கள்: யார் என்று அதில் தெரியாது. ஜப்பானிய வினை எப்போதும் அப்படித்தான்.

ஜப்பானியக் கதையை ஆங்கிலமாக்கும்போது வரும் முதல் சிக்கல் பெயர்க் குவியல். உணவகத்தில் இளைய ஊழியர் மூத்தவரான தனகாவிடம், "தனகா-ஸான் என்ன சாப்பிடுகிறார்? தனகா-ஸானுக்கு மீன் பிடிக்கும் அல்லவா?" என்கிறார். இது அவரிடமே கேட்பது. அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும். இரண்டு பெயரையும் 'யூ' ஆக்கிவிட வேண்டும். பேச்சைத் தொடங்கும்போதோ, ஒருவரை விட்டு இன்னொருவர் பக்கம் திரும்பும்போதோ ஒரு தரம் பெயர் போதும்.

பெயரோடு போன மரியாதையைக் கேள்வியின் அமைப்பில் திரும்ப வைக்கலாம். இளையவர் "வாட் வுட் யூ லைக்?" என்று கேட்கட்டும், தனகா "வாட் ஆர் யூ ஹேவிங்?" என்று கேட்கட்டும். சோதிக்க ஒரு வழி: பெயர்களை மறைத்துவிட்டு உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். யார் மூத்தவர் என்று தெரியாவிட்டால் உறவு நழுவிவிட்டது.

எழுவாய் இல்லாதபோது துப்பு வினையில் இருக்கும். கொடுத்தலுக்கு அங்கே இரண்டு சொல்: என் பக்கம் வந்தால் குரெரு, என்னிடமிருந்து போனால் அகெரு. தன்மை, முன்னிலைக்குத் 'தா', படர்க்கைக்குக் 'கொடு' என்று தொல்காப்பியம் பிரிப்பதற்குக் கிட்டத்தட்ட உறவு. "ஒஷியெதே குரெனகத்தா" என்றால் சொல்லப்படாமல் போனது எனக்கு (அல்லது என்னைச் சேர்ந்தவருக்கு) என்பது உறுதி, சொல்லாதவர் யார் என்பது இல்லை. கதை அதை வேண்டுமென்றே மறைக்கிறது என்றால் 'ஹீ' என்று ஊகித்து எழுதக்கூடாது. "ஐ வாஸன்ட் டோல்ட்" என்ற செயப்பாட்டுவினை மறைவைக் காப்பாற்றும்.

இனி மொட்டைப் பெயருக்கே வருவோம். ஒரு பள்ளிக் கதையில் கென்தா, வகுப்புத் தோழி ஸதோ மிசாகியை இருநூறு பக்கம் 'ஸதோ-ஸான்' என்கிறான். ஒருநாள் 'மிசாகி' என்கிறான், அவள் முகம் சிவக்கிறது. முதல் பக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் 'மிசாகி' என்று எழுதியிருந்தால் அவள் ஏன் சிவந்தாள் என்று வாசகருக்குப் புரியாது. 'மிஸ் ஸதோ' பள்ளிப் பிள்ளைகள் வாயில் ஒட்டாது. வெறும் 'ஸதோ' போதும், குடும்பப் பெயரிலிருந்து சொந்தப் பெயருக்குத் தாவுவதே வேலையைச் செய்துவிடும். அவள் "ஏன் யொபிஸுதே?" என்று கேட்டால், "ஸோ இட்ஸ் மிசாகி நவ்?" என்பது இயல்பாக விழும்.

'மிசாகி-ச்சான்' வெறும் 'மிசாகி' ஆவதுதான் சங்கடம், தாவ இன்னொரு பெயர் இல்லை. அங்கே ச்சான் என்ற ஒட்டை முதலிலிருந்தே ஆங்கிலத்திலும் அப்படியே வைத்திருப்பதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. நடுவில் ஒரு செல்லப்பெயரைக் கண்டுபிடிப்பது செயற்கையாகத் தெரியும். எப்படியானாலும் முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். அதனால் மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார், எந்த இடத்தில் மாறுகிறது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்வது வழக்கம்.

எல்லா மொட்டைப் பெயரும் நெருக்கமோ அவமதிப்போ அல்ல. வெளியார் தொலைபேசியில் கேட்டால் ஊழியர் தன் மேலாளரையே "தனகா இருக்கையில் இல்லை" என்று ஒட்டில்லாமல் சொல்வார். தன் பக்கத்து ஆட்களை வெளியாரிடம் உயர்த்தக்கூடாது என்ற அவர்களுடைய உள்-வெளி முறை அது. ஆங்கிலத்தில் வெறும் 'தனகா' என்று போட்டால் ஊழியர் திமிர் பிடித்தவராகத் தெரிவார். மூலத்தில் இல்லாத 'மிஸ்டர்' அங்கே சேர்ந்தாக வேண்டும்.