சப்ஜெக்ட் லைன்: தலைப்பா, பொருள்வரியா?

மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே கண்ணில் படும் ஒற்றை வரிதான் சப்ஜெக்ட் லைன். 'சப்ஜெக்ட்' லத்தீனிலிருந்து வந்த சொல். 'அடியில் இடப்பட்டது' என்பது அதன் வேர்ப்பொருள். பேச்சுக்கு அடியில் கிடக்கும் விஷயம் என்ற கருத்து அதிலிருந்து கிளைத்தது. 1973-இல் வந்த RFC 561 என்ற ஆவணம், அனுப்புநர் பெயர், தேதி ஆகியவற்றோடு இந்த வரிக்கும் மின்னஞ்சலின் முகப்பில் இடம் கொடுத்தது.

தமிழில் பலர் இதைத் 'தலைப்பு' என்கிறார்கள். அது முழுக்கப் பொருந்தவில்லை. கதைக்கு வைக்கும் தலைப்பு பூடகமாக இருக்கலாம். இந்த வரி அப்படி இருக்கக் கூடாது. நம் அரசு அலுவலகக் கடிதங்களில் 'பொருள்:' என்றொரு வரி உண்டு. அதைப் படித்ததுமே கடிதம் எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். சப்ஜெக்ட் லைனின் வேலையும் அதுவே என்பதால் 'பொருள்வரி' என்பதே சரி.

ஒரு செக்கு எண்ணெய்க் கடை வாரந்தோறும் தன் வாடிக்கையாளர்களுக்கு மடல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள்வரி இப்படி:

'இந்த வாரம் நமது கடையில் புதிதாக ஆட்டிய நல்லெண்ணெய் லிட்டருக்கு 20 ரூபாய் குறைந்துள்ளது'

கைபேசியில் இதன் முற்பகுதிதான் தெரியும். 'இந்த வாரம் நமது கடையில் புதிதாக…' என்பதோடு வெட்டுப்படும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், சேதி பெரும்பாலும் வெட்டுப்படும் பக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறது. கடையின் பெயரை அனுப்புநர் இடமே காட்டிவிடும். 'இந்த வாரம்' என்பதைத் தேதி சொல்லிவிடும். இரண்டையும் எடுத்துவிட்டு, பெயர்ச்சொல்லில் தொடங்கிப் பெயர்ச்சொல்லில் முடிக்கலாம்:

'நல்லெண்ணெய் லிட்டருக்கு 20 ரூபாய் குறைவு'

காரணமும் கெடுவும் பக்கத்திலேயே மங்கலாகத் தெரியும் முன்னோட்ட வரிக்குப் போகட்டும்: 'புது எள் வந்திருக்கிறது, சனிக்கிழமை வரை இந்த விலை.' அந்த இடத்தைக் காலியாக விட்டால், மடலின் முதல் சொற்கள் எதுவோ அதுவே அங்கே போய் உட்காரும். 'படம் தெரியவில்லையா? இங்கே சொடுக்கவும்' என்று பல மடல்கள் அசடு வழிவது இதனால்தான்.

வாரந்தோறும் அதே ஆட்கள் படிப்பதால் குரல் மாறினால் உடனே தெரிந்துவிடும். பொருள்வரி கல்லாப்பெட்டிக்காரர் பேசுவதுபோல் இருந்து, உள்ளே 'அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே' என்று மேடை ஏறினால் ஒட்டாது. 'நீங்கள்' என்று ஒருவரிடம் பேசுவதாகவே இரண்டும் இருக்கட்டும். 'கடைசி வாய்ப்பு' என்று போட்டுவிட்டு அடுத்த வாரமும் அதே விலையில் விற்றால், மூன்றாவது வாரம் அந்தச் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள். பதில் மடல்போல் தோன்றட்டும் என்று 'Re:' சேர்ப்பது அதைவிட மோசம். முன்பின் தெரியாதவரிடம் அது ஒருமுறை பலிக்கலாம், தெரிந்த வாடிக்கையாளரோ தாம் எதுவும் எழுதவில்லை என்பதை அறிவார்.