நெல்லில் “கதிர்ப் பருவம்” என்றால் எந்தப் பருவம்?

வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பதால் சம்பா, குறுவைக் காலங்களில் எனக்குத் தொலைபேசியில் அடிக்கடி வரும் கேள்வி இது: “சார், பயிர் கதிர்ப் பருவத்துல இருக்கு, யூரியா போடலாமா?” உடனே பதில் சொல்ல முடியாத கேள்வி இது. ஏனென்றால் ‘கதிர்’ என்ற ஒரே சொல்லை மூன்று வேறு கட்டங்களுக்குச் சொல்கிறோம். முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மாதம் ஓடிவிடுகிறது.

நடவு நெல்லுக்குத் தழைச்சத்தை அடியுரமாகவும், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று பிரித்தும் இடச் சொல்கிறோம். இதில் ‘உருவாகும்’, ‘வெளிவரும்’ என்ற இரண்டு சொற்களில்தான் சிக்கல். கதிர் உருவாகும்போது வெளியே எதுவும் தெரியாது. பயிர் வெறும் தாளும் தோகையுமாகத்தான் நிற்கும். தூரின் உள்ளே, மேல் கணுவுக்குச் சற்று மேலே, ஓரிரு மில்லிமீட்டரில் இளங்கதிர் தோன்றியிருக்கும். ஒரு கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பது அப்போதிலிருந்தே முடிவாகத் தொடங்குகிறது. அதனால்தான் அந்த நேரத்து உரத்துக்கு அத்தனை மதிப்பு.

அப்புறம் வருவது தொண்டைக்கதிர். பொதிப் பருவம் என்பதும் இதுதான். குடலை என்றும் சொல்வார்கள். கடைசியாக வந்த கண்ணாடி இலையின் உறை உப்பி, கை வைத்தாலே உள்ளே கதிர் இருப்பது தெரியும். அதன் பிறகுதான் கதிர் வெளியே வந்து பூக்கிறது, பால் பிடிக்கிறது, முற்றுகிறது. கதிரைக் கண்ணால் பார்த்த பிறகு “கதிர்ப் பருவம்” என்று ஒருவர் சொன்னால், முதல் கட்டம் தாண்டி வெகு நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு விவசாயியின் கோ 51 வயலை எடுத்துக்கொள்வோம். 110 நாள் ரகம் என்று வைத்துக்கொண்டால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் 30 நாள். அதனால் பூப்பது 80ஆம் நாள் வாக்கில். இளங்கதிர் உருவாவது அதற்கும் 30 நாள் முன்பு, அதாவது 50ஆம் நாளை ஒட்டி. இவர் அந்த 50 நாளைச் சரியாகவே நினைவில் வைத்திருந்தார். ஆனால் எண்ணியது நட்ட நாளிலிருந்து. ரகத்தின் வயது விதைத்த நாளிலிருந்து கணக்கிடப்படுவது. 25 நாள் நாற்றை நட்டதால் அவர் அழைத்த அன்று பயிருக்கு வயது 75. நேரில் போய்ப் பார்த்தபோது தொண்டைக்கதிர் நன்றாகத் திரண்டிருந்தது.

விடுபட்ட தவணையையும் சேர்த்து ஒரேயடியாகப் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மணிகளின் எண்ணிக்கை அதற்குள் முடிவாகிவிட்டது. மிகுதியான யூரியா இலையைக் கரும்பச்சையாக்கி, இலைச் சுருட்டுப் புழுவுக்கும் கழுத்துக் குலைநோய்க்கும் இடம் கொடுக்கும்; பயிர் சாயவும் கூடும். கதிர் வெளிவரும்போது தர வேண்டிய அளவை மட்டும் போட்டால் போதும்.

நாள் கணக்கும் தோராயம்தான். நாற்று முதிர்ந்து நட்டாலோ தண்ணீர் தட்டினாலோ பருவம் தள்ளிப்போகும். அதனால் பிளேடால் அறுத்துப் பார்க்கச் சொல்வேன். வயலில் நாலைந்து இடங்களில் குத்தின் தடித்த தாய்த் தூரை வேரோடு எடுத்து, அடியிலிருந்து நெடுக்காகப் பிளக்க வேண்டும். மேல் கணுவின் மேலே வெள்ளையாய், நுண்ணிய மயிர் படர்ந்த கூர்முனை தெரிந்தால் அது இளங்கதிர். பெரும்பாலான தூர்களில் தெரிந்தால் உரம் போடும் நேரம் வந்துவிட்டது.

பூச்சி பற்றிக் கேட்கும்போதும் இதே தெளிவு வேண்டும். “பயிர் காயுது” என்றால் எதுவும் புரியாது. காய்வது குருத்தா, இலையா, கதிரா? நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அது தண்டுத் துளைப்பான். அதே புழு பின்னால் தாக்கினால் கதிர் வெளுத்து, மணி பிடிக்காமல் பதராய் நிமிர்ந்து நிற்கும், அது வெண்கதிர். தூர் கட்டும் பருவத்தில் குருத்துக் காய்தல் 10 சதவீதத்தை எட்டினால் மருந்து பற்றி யோசிப்போம். வெண்கதிருக்கு வரம்பு 2 சதவீதம்தான், ஏனென்றால் காய்ந்த தூருக்குப் பதில் புதுத் தூர் வெடிக்கும், வெளுத்த கதிருக்கு ஈடு கிடையாது. குருத்து காயாமல் வெங்காயத் தாள் போலக் குழலாய் நீண்டிருந்தால் அது ஆனைக்கொம்பன் ஈ. அதற்கு மருந்து வேறு.

அதனால் அடுத்த முறை அழைக்கும்போது ரகத்தின் பெயர், விதைத்த தேதி, நட்ட தேதி மூன்றையும் சொல்லுங்கள். கதிர் உள்ளே இருக்கிறதா, தொண்டையில் இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் வயலுக்கு வராமலேயே பெரும்பாலும் பதில் சொல்லிவிடுவேன்.