இரண்டாவது ஆர்டர் எத்தனை நாளில் வரும்?

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறக்கப்பட்டதிலிருந்து, "சார், புதுக் கம்பெனி வண்டி வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். நான் கார் விற்பவன் அல்ல, மெக்கானிக்கும் அல்ல. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு தர வேண்டும் என்று மதிப்பிடும் சர்வேயர். எந்த வண்டி நன்றாக ஓடும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஓடாமல் நிற்கும்போது எது எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கொஞ்சம் சொல்ல முடியும்.

ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அது இந்தியாவில் விற்பனையைத் தொடங்கி இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. வண்டியின் உரிமையாளர் ஒரு பள்ளி ஆசிரியை. மழை நாளில் சாலைத் தடுப்பில் இடித்து, முன்பக்க இடது மூலை நசுங்கியது. பம்பர், இடது ஹெட்லைட், ஃபெண்டர், ஏ.சி. கண்டென்சர் ஆகியவற்றைச் சேர்த்து எஸ்டிமேட் ஒரு லட்சத்துச் சொச்சம். எங்கள் கணக்கில் இது சின்ன விபத்து. மாருதியோ ஹூண்டாயோ என்றால் பத்துப் பன்னிரண்டு நாளில் வண்டி வீட்டுக்குப் போயிருக்கும்.

நான் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே சர்வீஸ் சென்டர் உதிரி பாகங்களுக்கு ஆர்டர் போட்டது. நான்கும் வந்து சேர 27 நாள் ஆயிற்று. வந்ததும் பழைய பம்பரைக் கழற்றினார்கள். உள்ளே ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் விரிந்திருந்தது. ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பிராக்கெட்டும் உடைந்திருந்தது. இரண்டாவது எஸ்டிமேட், இரண்டாவது ஒப்புதல், இரண்டாவது ஆர்டர். பிராக்கெட்டின் விலை ஆயிரம் ரூபாய்கூட இல்லை. அது வர இன்னும் 38 நாள். பிராக்கெட் இல்லாமல் ஹெட்லைட்டைப் பொருத்த முடியாது. ஹெட்லைட் உட்காராமல் பம்பரின் இடைவெளியைச் சரிபார்க்க முடியாது. புது ஹெட்லைட் பெட்டிக்குள்ளேயே இருக்க, வண்டி கொட்டகையில் நின்றது. விபத்து நடந்த நாளிலிருந்து சாவி கைக்கு வர மொத்தம் 76 நாள். பழுதுச் செலவைக் காப்பீடு கொடுத்துவிட்டது. அந்த 76 நாளுக்கான ஆட்டோச் செலவையும், ஓடாத வண்டிக்குக் கட்டிய இரண்டு மாதத் தவணையையும் யாரும் கொடுக்கவில்லை. தினப்படி தரும் கூடுதல் காப்பீடு எடுத்திருந்தாலும் அது சில நாட்களுக்குத்தான் வரும்.

பழைய நிறுவனங்களுக்கும் இரண்டாவது ஆர்டர் உண்டு. ஆனால் அவர்களின் பாகம் பக்கத்து ஊர் டீலரிடமோ சென்னை டெப்போவிலோ இருக்கும். ஓரிரு நாளில் வந்துவிடும் என்பதால் வாடிக்கையாளருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. புது நிறுவனத்தில் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு முழுக் காத்திருப்பு. ஆகவே அத்தகைய வண்டி அடிபட்டால், ஆர்டர் போடும் முன்பே முன்பக்கத்தை முழுவதும் கழற்றிக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். கழற்றும் கூலிக்குத் தயங்குவார்கள், வற்புறுத்துங்கள். எல்லாச் சேதத்தையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்தால் ஒரு காத்திருப்பு குறையும். அந்த ஆசிரியைக்கு இதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிழையில் என் பங்கும் உண்டு.

வாங்கும் முன்பே இதை எப்படி அறிவது? ஷோரூமில் கேட்டுப் பயனில்லை, விற்பனையாளருக்கே தெரியாது. சர்வீஸ் சென்டரில் உதிரி பாகங்களுக்கு என்று ஒரு கவுண்டர் இருக்கும், அங்கே போங்கள். ஹெட்லைட், முன்கண்ணாடி, முன்பம்பர், பக்கக் கண்ணாடி, கண்டென்சர் ஆகிய ஐந்தையும் சொல்லி, விலை என்ன, இப்போது எந்த டெப்போவில் இருப்பு இருக்கிறது என்று கேளுங்கள். ஆயில் ஃபில்டரையும் பிரேக் பேடையும் கேட்காதீர்கள். அவை சர்வீஸுக்கு அன்றாடம் வேண்டியவை, எல்லோரும் வைத்திருப்பார்கள். திரையைப் பார்த்து ஊரும் எண்ணிக்கையும் சொன்னால் நல்லது. "ஆர்டர் போட்டால் வந்துவிடும்" என்றால், நாள் தெரியாது என்று பொருள். அப்படியே பின்பக்கம் பாடி ஷாப்பையும் எட்டிப் பாருங்கள். பம்பர் இல்லாமல், மேலே தூசி படிந்து, டயரில் காற்று இறங்கி நிற்கும் வண்டிகள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்தத் தூசி பொய் சொல்லாது.

ஆலை நம் மாநிலத்தில் இருக்கிறதே என்பார்கள். வண்டியை இங்கே பூட்டுவது வேறு, ஹெட்லைட்டை இங்கே செய்வது வேறு. பாகங்கள் பெட்டியில் வந்து இங்கே பூட்டப்படும் வண்டி என்றால், உடைந்த பாகத்துக்கும் அதே கடல்வழிதான். இன்னொன்று, இங்கேயே செய்தாலும் புது மாடலுக்கு முன்பதிவு குவியும்போது பாகங்கள் முதலில் உற்பத்திக்குப் போகும், மிச்சம்தான் டெப்போவுக்கு.

பெயர் புதிது என்பதாலேயே பயப்படவும் வேண்டாம். கியா 2019இல் செல்டோஸுடன் இந்தியாவுக்கு வந்தபோது அது புதுப் பெயர்தான். ஆனால் ஹூண்டாயின் உறவு என்பதால் எஞ்சினும் பல பாகங்களும் இங்கே முன்பே பழகியவை. உறவு இல்லாமல் தனியாக வருபவர்களைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்த உறவும் பாதிதான் காப்பாற்றும். 2022இல் டட்சன் நின்றபோது அதன் ரெடிகோ காரின் எஞ்சின் பாகங்களுக்கு, உறவான ரெனோவின் க்விட் இருந்தது. கதவு, விளக்கு, பம்பர் எல்லாம் ரெடிகோவுக்கே உரியவை.

இனி மறுவிற்பனை. உங்கள் பாலிசியில் வண்டியின் காப்பீட்டு மதிப்பாக எழுதியிருக்கும் ஐடிவி தொகையைச் சந்தை விலை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாலிசி தொடங்கும்போது நிறுவனம் அறிவித்திருக்கும் விலையிலிருந்து வயதுக்கேற்ப கழித்துப் போடுவது அது; ஓராண்டு தாண்டி இரண்டு ஆண்டுக்குள் என்றால் 20 சதவீதம், நான்கு தாண்டி ஐந்துக்குள் 50 சதவீதம். எந்த நிறுவனத்துக்கும் அதே அட்டவணை. சந்தைக்கு அந்தச் சமநோக்கு கிடையாது. தவிர, விற்பனையைத் தூக்க புது நிறுவனம் ஒரு லட்சம் விலையைக் குறைத்தால், அன்றே உங்கள் பழைய வண்டியின் விலை இறங்கும்; பாலிசியை அடுத்துப் புதுப்பிக்கும்போது ஐடிவியும் இறங்கும்.

உண்மை விலை தெரிய, மூன்று பழைய கார் வியாபாரிகளிடம் அதே மாடலை வாங்குபவராக அல்ல, விற்பவராகப் பேசுங்கள். விலை குறைவாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. "கமிஷனுக்கு வைத்துப் பார்க்கலாம், கையில் வாங்க மாட்டோம்" என்று மூவரும் சொன்னால் அந்த வண்டிக்கு இன்னும் சந்தையே உருவாகவில்லை. மூன்றாண்டு கழித்து நாங்களே இவ்வளவுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று நிறுவனம் உறுதி கொடுத்தால், கையெழுத்திடுவது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது இன்னொரு நிதி நிறுவனமாக இருக்கும். கிலோமீட்டர் வரம்பும் விபத்து நிபந்தனையும் சின்ன எழுத்தில் இருக்கும். பம்பர் மாற்றிய வண்டியும் அந்த நிபந்தனையில் சிக்கக்கூடும்.

நிறுவனமே கிளம்பிவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. சர்வீஸையும் பாகங்களையும் விட்டுவிடவில்லை. லட்சக்கணக்கில் வண்டிகள் சாலையில் இருந்தால் பாகம் விற்பதே ஒரு தொழில், வெளி உற்பத்தியாளர்களும் செய்வார்கள். சில ஆயிரம் வண்டிகள் மட்டும் விற்றவர் கிளம்பினால் அந்த ஆதாயம் யாருக்கும் இருக்காது. என்றாலும் நான் அடிக்கடி பார்ப்பது நிறுவனம் போவதை அல்ல, டீலர் போவதை. மாவட்டத்துக்கு ஒரே டீலர், அவருக்கும் மாதம் பத்து வண்டிதான் விற்பனை என்றால், வாடகைக் கட்டடத்தில் அவர் எத்தனை காலம் தாங்குவார்? அவர் மூடினால் அடுத்த பாடி ஷாப் எத்தனை கிலோமீட்டர் என்று இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வண்டியை இழுத்துச் செல்லும் செலவைக் காப்பீடு ஒரு வரம்பு வரைதான் தரும்.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் இந்த ஐந்து பாகக் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தார். மூன்று சென்னையில் இருப்பு, முன்கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் தேதி இல்லை. பாடி ஷாப்பில் தூசி படிந்த வண்டி இரண்டு. வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, பத்து ஆண்டு இதையே ஓட்டப்போகிறேன் என்று சொல்லி முன்பதிவு செய்துவிட்டார். நான் தடுக்கவில்லை. முன்கண்ணாடி வந்ததா என்று மட்டும் வாரம் ஒருமுறை கவுண்டருக்குப் போன் செய்து கேட்கச் சொல்லியிருக்கிறேன்.