ரிட்டயர் ஆன கையோடு வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள்

போன வாரமும் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகல். இந்த மாதத்தில் இவர் நாலாவது ஆள். ஃபைலைத் திறக்கும் முன்பே உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்திரம் பதிந்த தேதியையும் ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். சம்பளம் நின்று பென்ஷன் தொடங்கியதற்குப் பின்னால் ஆறு மாதத்துக்குள் இருக்கும்.

நால்வரிடமும் கேட்டேன், "ஏன் எழுதிக் கொடுத்தீர்கள்?" நால்வரும் சொன்னது ஒரே பதில். "வயசாயிடுச்சு. இனிமே என் பேர்ல வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்?"

எனக்குக் கோபம் வருவது இந்தப் பதிலின் மேல்தான். சட்டம் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது வெகுகாலம் 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். 2020 ஜூன் மாதம் 58 முடிந்த ஒரு தலைமை ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விதி நீடித்திருந்தால் ஜூலையில் அவர் வீட்டில் "பெரியவர்". விதி மாறியதால் இன்னும் இரண்டு ஆண்டு அவர் "சார்". முழங்கால் அதேதான், கண்ணாடி அதேதான், கணக்குப் போடும் மூளையும் அதேதான். மாறியது ஓர் அரசாணை. உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயது வரை தீர்ப்பு எழுதுகிறார், உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வரை. வருமான வரித்துறைக்கு 60 வயதுக்காரர் மூத்த குடிமகன், 80 ஆனால் இன்னொரு வகை. 1889-இல் ஜெர்மனி முதுமை ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது வைத்த வயது 70. 1916-இல்தான் அதை 65 ஆக்கினார்கள். இவை எல்லாம் கஜானாவையும் வேலை வாய்ப்பையும் பார்த்து அரசாங்கங்கள் போட்ட கோடுகள். இந்த வயதில் மனிதனுக்கு அறிவு குறைகிறது என்று யாரும் அளந்து பார்த்துப் போட்டவை அல்ல.

ஆபீஸ் போட்ட அந்தக் கோடு வீட்டுக்குள் வந்ததும் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறது. பிரிவு உபசார விழாவில் மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்ட மறுநாளிலிருந்து, மின் கட்டணம் கட்டுவது முதல் பேத்தியின் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது வரை "நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தினமும் கேட்கிற மனிதர், தான் முடிவெடுக்கும் ஆள் இல்லை என்று தானே நம்பத் தொடங்குகிறார். அந்த மனநிலையில்தான் பத்திரம் எழுதப்படுகிறது. அதே வீட்டில் அவருடைய மனைவிக்கும் 60 நெருங்கியிருக்கும். அந்த அம்மா காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறு பேருக்குச் சமைக்கிறார். அவரை யாரும் ரெஸ்ட் எடுக்கச் சொல்வதில்லை. எங்கள் சீனியருக்கு 79 வயது, இன்றும் கோர்ட்டில் வாதாடுகிறார். தொழிலில் அவரைக் கிழவர் என்று யாரும் ஒதுக்கவில்லை, ஏனென்றால் இங்கே ஓய்வுத் தேதி கிடையாது.

இனி, அனுமதி வாங்கிக்கொண்டு, ஒருவருடைய கதை. ஊர், பெயர் வேண்டாம்.

அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். மனைவி காலமாகிவிட்டார். ஒரு மகள், ஒரு மகன். 2022-இல் ஓய்வு. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து வாங்கிய பணத்தில் மகளின் நகைக் கடனை அடைத்தார். நான்கு மாதம் கழித்து மகன், "அப்பா, பின்னாடி அக்கா பங்கு கேட்டா தகராறு வரும், இப்பவே என் பேருக்கு மாத்திடுங்க, நீங்க கடைசிவரைக்கும் எங்ககூடத்தான் இருக்கப்போறீங்க" என்றார். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைக் கட்டணம் குறைவு என்பதும் பேச்சில் வந்தது. பத்திர எழுத்தர் வழக்கமான வாசகங்களைப் போட்டார்: "அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும்", "இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது", "இதை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை". கையெழுத்துப் போட்டவர் 30 ஆண்டு தமிழ்ப் பாடம் நடத்தியவர். கடைசி வாசகத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன். "படிச்சேன் வக்கீலம்மா, எல்லாப் பத்திரத்திலயும் இருக்கிறதுதானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

பட்டா மாறியது. அடுத்த ஆண்டு மகன் மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து 18 லட்சம் கடன் வாங்கினார். அப்பா மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறைக்குப் போனார். ஏடிஎம் கார்டு மருமகளிடம். பாஸ்புக்கைப் பார்த்தேன். பென்ஷன் வரவு விழுந்த அன்றே ஒவ்வொரு மாதமும் பணம் எடுக்கப்பட்டிருந்தது. இவர் சர்க்கரை மாத்திரைக்குக் கேட்டு நின்றிருக்கிறார்.

"சரிம்மா, கேன்சல் பண்ணிடலாம்ல?" என்று கேட்டார். இதுதான் என்னிடம் வருகிற எல்லோருக்கும் இருக்கும் இரண்டாவது தப்பான நம்பிக்கை. சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டால் கொடுத்தது திரும்பி வந்துவிடாது. கொடுத்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட சொத்தைக் கொடுத்தவர் மட்டும் மனம் மாறித் திருப்பி எடுக்கச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் வழி வைக்கவில்லை. உயில் வேறு. எழுதியவர் இறந்த பின்புதான் உயிலுக்கு உயிர் வரும், அதுவரை நூறு தடவை மாற்றலாம். செட்டில்மெண்ட் என்பது உயிருடன் இருக்கும்போதே, அன்றைக்கே கொடுத்துவிடுவது. இரண்டும் ஒன்று என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்கிறேன்: உயில் உங்கள் கையில் இருக்கிறது, செட்டில்மெண்ட் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

மீட்க ஒரு வழி உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. கொடுத்தவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்ளத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் தீர்ப்பாயம் என்பது கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. மேல்முறையீடு ஆட்சியரிடம். சிக்கல் "நிபந்தனையோடு" என்ற சொல்லில் இருக்கிறது. நிபந்தனை இருந்ததாகவே காட்டவில்லை என்றால் 23-ஆவது பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது முதியோரைக் காக்க வந்த சட்டம், இறுக்கிப் பிடித்துப் பொருள்கொள்ளக் கூடாது என்று 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது மூதாட்டியின் வழக்கில், "அன்பும் பாசமும்" என்ற வாசகத்துக்குள்ளேயே அந்த நிபந்தனை மறைந்திருக்கிறது என்று ஏற்றது. ஆகவே கதவு முழுக்க மூடவில்லை. ஆனால் ஒரே வரியில் எழுதியிருக்க வேண்டியதை இத்தனை தீர்ப்புகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

நம் தலைமை ஆசிரியருக்கு உதவியது அவருடைய போன். பதிவுக்கு முந்தின நாள் மகன் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தி அதில் அழியாமல் இருந்தது: "சாப்பாடு, மருந்து எதுக்கும் கவலைப்படாதீங்கப்பா, நான் பாத்துக்கறேன்." மகள் வந்து வாக்குமூலம் கொடுத்தார். பாஸ்புக் நகல் கொடுத்தோம். மகன் தரப்பு, "அவருக்குத்தான் பென்ஷன் வருதே" என்றது. இதைப் பலர் நம்பிவிடுகிறார்கள். மாதாமாதம் ஜீவனாம்சம் கேட்கத்தான் தன் வருமானத்தில் வாழ முடியாத நிலை வேண்டும். 23-ஆவது பிரிவுக்கு அது தேவையில்லை. ஆயிரம் ரூபாய் பென்ஷன்காரருக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் பென்ஷன்காரருக்கும் அங்கே ஒரே உரிமைதான். முதலில் சமரசப் பேச்சு, பிறகு விசாரணை. பத்திரம் செல்லாது என்று உத்தரவு வந்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் வங்கியின் 18 லட்சம் அப்படியே நிற்கிறது. பதிவேட்டை நம்பிப் பணம் கொடுத்த வங்கி அதை விட்டுக்கொடுக்குமா? வீடு அவர் பேருக்குத் திரும்பியது, கடனையும் சுமந்துகொண்டு. அதற்காக இப்போது தனி வழக்கு நடக்கிறது.

ஓய்வு பெற்றவர்களுக்கும் பெறப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன். கொடுக்க ஆசையாக இருந்தால் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிந்துவிடுங்கள். "உயில் எழுதினால் தகராறு வரும்" என்று பிள்ளை சொன்னால், வரட்டும், அது உங்கள் காலத்துக்குப் பிறகு. இல்லை, செட்டில்மெண்ட்தான் என்று முடிவெடுத்தால், உங்கள் ஆயுள் பரியந்தம் அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை உங்களுக்கே வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். உணவு, மருத்துவம், இருப்பிடம் தரத் தவறினால் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு என்றும், உங்கள் ஆயுளில் உங்கள் சம்மதம் இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்றும் வெளிப்படையாக இருக்கட்டும். "எக்காலத்திலும் ரத்து செய்ய உரிமை இல்லை" என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் "அதெல்லாம் வழக்கமில்லை சார்" என்பார். வேறு எழுத்தரிடம் போங்கள்.

ஏடிஎம் கார்டைக் கொடுக்காதீர்கள். மகன் தொழிலுக்காக உங்கள் பேரில் பென்ஷன் லோன் வாங்காதீர்கள். அரசு பென்ஷனை எந்தக் கடன்காரரும் ஜப்தி செய்ய முடியாது என்று 1871-ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பை நீங்களே கையெழுத்துப் போட்டுக் கரைத்துவிடாதீர்கள்.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா போன மாதம் வரை நானூறு குழந்தைகள் படிக்கும் பள்ளியை நடத்தியவர். கரண்டு பில்லை அவரே கட்டட்டும்.

மிரட்டலோ அடியோ இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள். மனுவை நீங்களே கொடுக்கலாம், முடியாவிட்டால் உங்கள் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். இந்த வாரம் பதிவுக்கு டோக்கன் வாங்கி வைத்திருப்பவர் இதைப் படித்தால், வரைவை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கடைசிப் பக்கத்தை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள்.